சிரிப்புக்கு ஒரு குறிப்பு நோட்டு

நகைச்சுவைக் குறிப்பு நோட்டு என்பது ஜோக் எழுதி வைக்கும் நோட்டு அல்ல. அன்றாடம் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததுமான விஷயங்களில், எங்கேயோ லேசாக இடறுகிறவற்றை நடந்தது நடந்தபடி பதிந்து வைக்கும் நோட்டு அது. ஜோக் பிறகு வரும்; பல குறிப்புகளில் வராமலே போகும். பார்த்ததை எழுதுவது ஒரு வேலை, அதைச் சிரிப்பாக மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பதால்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் ஒரு வாரத்தில் நோட்டை மூடிவிடுகிறார்கள். பேனாவைத் திறந்ததும் சிரிப்பு வந்தாக வேண்டும் என்று உட்கார்ந்தால் சிரிப்பும் வராது, எழுத்தும் நகராது.

நகைச்சுவையையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மேடைக் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் 1970களின் நடுவில் நியூயார்க்கில் மேடையேறத் தொடங்கினார். அந்தக் காலம் தொட்டு எழுதிய தாள்களைக் கோப்புகளில் சேர்த்து வைத்து வந்தவர், 2020-ல் அவற்றைப் பத்தாண்டு வாரியாகப் பிரித்து ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அதில் இருப்பவை பெரிய பெரிய விஷயங்கள் அல்ல. வீடு, கடை, விமானப் பயணம் என்று எல்லோரும் பார்த்தவைதான். எல்லோரும் பார்த்ததை அவர் எழுதி வைத்தார் என்பதுதான் வித்தியாசம்.

தேவையான பொருள் மிகக் கொஞ்சம். சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்குகிற சின்ன நோட்டு ஒன்று போதும். விலை உயர்ந்த, தோல் அட்டை போட்ட நோட்டு இதற்கு ஆகாது. அதில் கண்டதை எல்லாம் எழுத மனம் வராது. கண்டதை எழுதத்தானே நோட்டு! ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் முதல் நாளே செய்துகொள்வது நல்லது. நோட்டைத் திறந்தால் இடது பக்கத்தில் மட்டும் குறிப்பு எழுத வேண்டும், வலது பக்கத்தைக் காலியாக விட வேண்டும். இடது பக்கம் நடந்தது. வலது பக்கம், சில நாள் கழித்து அதை வைத்துச் செய்யப் போகிற வேலைக்கு. தாள் வீணாகிறதே என்று வலது பக்கத்தையும் நிரப்பிவிட்டால் பிறகு வேலை செய்ய இடம் இருக்காது. நோட்டு வெறும் டைரியாகிவிடும்.

செல்போனில் எழுதலாமா என்ற கேள்வி உடனே வரும். பிடிப்பதற்குச் செல்போன் நல்லது. நாலு பேர் நடுவில் நோட்டை எடுத்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். செல்போனைத் தட்டினால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆகவே அந்த இடத்தில் ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ தட்டி வைத்துக்கொண்டு, இரவு படுப்பதற்கு முன் நோட்டில் விரித்து எழுதுவது வசதியான வழி. மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு இரவு கடந்தால் மனம் அந்தச் சம்பவத்தைத் தானாகவே இஸ்திரி போட்டுவிடும். பேசியவரின் சொந்த வார்த்தைகள் போய், அவற்றின் சாரம் மட்டும் மிஞ்சும். சிரிப்பு பெரும்பாலும் சாரத்தில் இருப்பதில்லை, அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை என்றால், தொடக்கத்தில் மூன்று போதும். மூன்று கிடைக்காத நாளில் ஒன்றாவது எழுத வேண்டும், அது அசட்டுத்தனமாக இருந்தாலும். மூன்றுக்கு மேல் எழுதக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் முதல் நாள் உற்சாகத்தில் பதினைந்து எழுதுகிறவர் மூன்றாம் நாள் ஒன்றும் எழுதுவதில்லை என்பது கண்ட உண்மை.

இனி, ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது. புதியவரின் நோட்டில் முதல் வாரம் இப்படித்தான் இருக்கும்: ‘இன்றைக்கு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் செம காமெடி. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.’ எழுதும்போது இது போதும் என்று தோன்றும். ஒரு மாதம் கழித்துப் படித்தால் வாட்ச்மேன் என்ன செய்தார் என்பதே நினைவிருக்காது. இதில் இருப்பது தீர்ப்பு மட்டும்தான். அதே சம்பவத்தை இப்படி எழுதலாம்:

‘மதியம் 1 மணி. வாட்ச்மேனின் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டை நீட்டினார். அந்தம்மா பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரைப் பார்க்க: வாட்ச்மேன் பெயர். வந்த காரணம்: சாம்பார் சாதம்.’

இதில் ‘காமெடி’ என்ற சொல்லே இல்லை. யாரும் சிரித்ததாகவும் இல்லை. ஆனாலும் ஒரு வருஷம் கழித்து எடுத்துப் படித்தாலும் அந்தக் காட்சி அப்படியே எழுந்து நிற்கும். பதிவேட்டில் கடைசிக் கட்டம் வரை எழுதியதுதான் இந்தக் குறிப்பின் பலம். ‘கையெழுத்து வாங்கினார்’ என்பதோடு நிறுத்தியிருந்தால் பாதிச் சிரிப்பு போயிருக்கும். இன்னும் கூர்ந்து பார்த்தவர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருப்பார்: ‘வாட்ச்மேன் ஒன்றும் சொல்லாமலே நீட்டினார்; அந்தம்மாவும் ஒன்றும் கேட்காமலே பேனாவை எடுத்தார்.’ இருவருக்கும் அது விநோதமாகவே படவில்லை என்பது இந்த வரியில்தான் தெரிகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு இயல்பாகவும் வெளியே இருந்து பார்ப்பவருக்கு விநோதமாகவும் இருக்கிற விஷயம் எதுவோ அதுதான் நோட்டுக்கு உரியது.

எனவே எழுத வேண்டியவை: இடம், நேரம், யார், என்ன செய்தார், எந்த வார்த்தையில் சொன்னார், எவ்வளவு. ‘ரொம்ப நேரம்’ என்று எழுதாமல் நாற்பது நிமிஷம் என்று எழுத வேண்டும். ‘ஏதோ பலகாரம்’ என்று எழுதாமல் முறுக்கா அதிரசமா என்று எழுத வேண்டும். பேச்சைப் பேசிய வழக்கிலேயே எழுத வேண்டும். ‘அவர் வர இயலாது எனத் தெரிவித்தார்’ என்று பதிந்தால் அது அலுவலகக் கடிதம். ‘வரலாம்னுதான் பாக்கறேன், ஆனா வர மாட்டேன்’ என்று அவர் சொன்னது, அப்படியே இருந்தால்தான் பயன்படும்.

எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்கு நம் பழைய இலக்கணமே ஒரு வழி காட்டுகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உடம்பில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அது முதலில் வைப்பது நகையைத்தான். அந்த நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கிறது என்றும் சொல்கிறது. புலவர்களுக்காகச் செய்த பாகுபாடுதான்; ஆனால் தெருவில் நின்று பார்க்கிறவருக்கும் நன்றாகவே உதவுகிறது.

எள்ளல் என்பது கேலி. பிறரைச் செய்வதும் உண்டு, தன்னையே செய்துகொள்வதும் உண்டு. நோட்டில் முதலில் நிரப்ப வேண்டியது தன்னைப் பற்றிய பக்கத்தை என்று சொல்லலாம், ஏனென்றால் அங்கே பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ‘உடம்பைக் குறைக்க ஜிம்மில் சேர்ந்தாயிற்று. ஜிம் இரண்டாம் மாடி. லிஃப்டில் போனேன்.’ இது ஒரு முழுக் குறிப்பு. இளமை என்பது பிள்ளைத்தனம். குழந்தைகள் நியாயமான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், தவறான இடத்தில் கேட்கிறார்கள். தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தில் ஐந்து வயதுப் பேரன், ‘மொதக் கல்யாணத்துக்கு ஏன் தாத்தா என்னைக் கூப்பிடல?’ என்று கோபித்துக்கொண்டால் அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பேதைமை என்பது அறியாமை: பக்கத்து ஊருக்குப் போன் பேசும்போது மெதுவாகப் பேசுகிற பெரியவர், அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் பேசும்போது மட்டும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரிக் கத்துகிறார். தூரம் அதிகமல்லவா.

நான்காவதாகிய மடன்தான் இவற்றில் வளமானது. ஒருவர் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமல் இருப்பது என்று உரைகாரர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். வாட்ச்மேன் கதை முழுக்க இதுதான். வருகிறவர் யாராயிருந்தாலும் கையெழுத்து வாங்கு என்று ஒருவர் சொன்னார், அவர் வாங்குகிறார். 1900-ல் சிரிப்பைப் பற்றி ஒரு தனி நூல் எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்றி பெர்க்சனும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார். உயிருள்ள மனிதன், சூழ்நிலை மாறியது தெரியாமல் இயந்திரம்போல நடந்துகொள்ளும்போது சிரிப்பு வருகிறது என்பது அவர் கருத்தின் மையம். அலுவலகம், வங்கி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று விதிமுறை இருக்கிற இடமெல்லாம் இந்த மடன் கொட்டிக் கிடக்கிறது. புதியவர் ஒருவர் வேறு எதையும் தேடாமல், ‘ஒரு விதி தனக்குச் சம்பந்தமில்லாத இடத்திலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறதா?’ என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாலே நோட்டு நிரம்பிவிடும்.

எழுதிய குறிப்பை உடனே கிளறக் கூடாது. குறைந்தது ஒரு வாரமாவது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போல ஒரு நாளை வைத்துக்கொண்டு அந்த வாரத்துக்கு முந்தைய வாரக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். படிக்கும்போது பல குறிப்புகள் செத்துக் கிடக்கும். அன்றைக்கு என்ன சிரிப்பைக் கண்டோம் என்றே விளங்காது. அவற்றை அடிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம். ஒன்றோ இரண்டோ இன்னும் துடிக்கும். அவற்றுக்கு எதிரே காலியாக விட்ட வலது பக்கத்தில்தான் அடுத்த வேலை. அது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்க்கலாம்.

இடது பக்கத்தில் இருக்கிற குறிப்பு இது:

‘இரவு 8:20. கரண்ட் போச்சு. பக்கத்து வீட்டு மாமா பால்கனிக்கு வந்தார். எதிர் வரிசையைப் பார்த்தார். எல்லாம் இருட்டு. உள்ளே திரும்பி, அங்கயும் இல்ல என்றார். உள்ளேயிருந்து மாமி குரல்: அப்பாடா.’

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் இடறுவது எது என்பது. கரண்ட் போனது இடறவில்லை. அது நம் ஊரில் செய்தியே அல்ல. மாமா பால்கனிக்கு வந்தது கொஞ்சம் இடறுகிறது. ஃபியூஸ் பெட்டி வீட்டுக்குள்ளே இருக்க, அவர் ஏன் எதிர் வீட்டைப் பார்க்கிறார்? ஆனால் உண்மையான இடறல் ‘அப்பாடா’வில்தான். எதுவும் சரியாகவில்லை. ஃபேன் ஓடவில்லை, கொசு கடிக்கிறது, சீரியல் பாதியில் நிற்கிறது. இருந்தும் மாமிக்கு நிம்மதி. இந்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, இவர்கள் தங்களுக்கே தெரியாமல் எந்த விதியைப் பின்பற்றுகிறார்கள் என்பது. இதை ஒரு வாக்கியமாக எழுதிப் பார்க்க வேண்டும். சரியாக வரும்வரை நாலைந்து தடவை எழுத வேண்டியிருக்கும். ‘மற்றவர் கஷ்டத்தில் மனிதனுக்கு மகிழ்ச்சி’ என்று முதலில் எழுதத் தோன்றும். அது பொய், தவிர பழைய சரக்கு. மாமி மகிழவில்லை, நிம்மதி அடைந்தாள். அடுத்த தடவை ‘எல்லாருக்கும் போனால் சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பிக்கை’ என்று எழுதலாம். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் சிரிப்பு இல்லை. நியாயமான காரணம் கிடைத்துவிட்டால் இடறல் காணாமல் போய்விடுகிறது. மூன்றாவது தடவை: ‘கரண்ட் இல்லாதது கஷ்டம். நமக்கு மட்டும் இல்லாதது அவமானம்.’ இது பொருந்துகிறது. மாமா தேடிப் போனது கரண்டை அல்ல, துணையை. ஃபியூஸ் பெட்டியைப் பார்க்காமல் பால்கனிக்குப் போன காரணமும் இப்போது விளங்குகிறது. விதி சரியாகப் பிடிபட்டதற்கு அடையாளமே அதுதான்: குறிப்பில் அதுவரை காரணம் புரியாமல் கிடந்த இன்னொரு விவரத்துக்கும் அது பதில் சொல்லிவிடும்.

மூன்றாவதாக, அந்த விதியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மகன் கணக்கில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கி வந்து நிற்கிறான். அப்பா நெற்றிக் கண்ணைத் திறக்கிறார். ‘கிளாஸ்ல எல்லாருமே நாப்பதுதாம்ப்பா’ என்கிறான். ‘எதிர் வீட்டுப் பையன்?’ ‘முப்பத்தெட்டு.’ அப்பா காபி கேட்கிறார். விதி இங்கேயும் ஓடுகிறது. ரயில் நிலையத்தில், ‘நம்ம வண்டி மட்டுமில்ல, எல்லா வண்டியும் மூணு மணி நேரம் லேட்டாம்’ என்று ஒருவர் வந்து சொன்னதும் பெட்டி மேல் சாய்ந்து உட்காருகிறார்களே, அங்கேயும் ஓடுகிறது. எல்லா இடத்துக்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் ஓடினால் விதி உறுதி; எங்குமே ஓடவில்லை என்றால் அது அந்த மாமாவின் தனிக் குணம், அதற்கு வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும்.

நான்காவது, விதியை அதன் எல்லை வரை தள்ளுவது. தெருவில் எல்லா வீட்டிலும் இருட்டு, ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். இன்வர்ட்டர் வைத்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் இல்லாதது அவமானம் என்றால், நமக்கு மட்டும் இருப்பது என்ன? அந்த வீட்டுக்காரர் தெருவோடு ஒட்டி வாழ வேண்டியவர். பால்கனிக்கு வந்து, கேட்காத மக்களுக்கு விளக்கம் சொல்கிறார்: ‘நமக்கும் கரண்ட் இல்லைங்க. இது இன்வர்ட்டர்.’ இங்கே கவனிக்க வேண்டியது, மிகைப்படுத்தல் விதியை விட்டு விலகவில்லை என்பது. இதற்குப் பதில் அவர் ஜெனரேட்டரை வானத்தில் பறக்க விட்டார் என்று எழுதினால் அது மிகைதான், ஆனால் அந்தக் குறிப்பிலிருந்து பிறந்தது அல்ல. புதியவர்கள் வழி தவறும் இடம் பெரும்பாலும் இதுதான். விநோதமாக எதையாவது சேர்த்தால் சிரிப்பு வரும் என்று நினைக்கிறார்கள். மனிதர்கள் அதே விதியை இன்னும் விடாப்பிடியாகப் பின்பற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் விநோதம் தானாகவே வந்து சேரும்.

கடைசி வேலை வார்த்தைகளை அடுக்குவது. சிரிப்பைக் கிளப்புகிற சொல் வாக்கியத்தின் முடிவில் இருக்க வேண்டும் என்பது எல்லா மொழிக்கும் பொதுவான பாடம். தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒருவர் பேசியதைச் சொல்லி முடித்ததும் ‘என்றாள்’, ‘என்று சொன்னது காதில் விழுந்தது’ என்று ஒரு வால் சேர்ந்துகொள்ளும். ‘அங்கேயும் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்று மாமி நிம்மதியாகச் சொன்னது கேட்டது’ என்று எழுதிப் பாருங்கள். அப்பாடா நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறது. போதாததற்கு ‘நிம்மதியாக’ என்று ஒரு விளக்கமும் சேர்ந்து, கேட்பவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பேசுபவரை முன்னால் நகர்த்தி, பேச்சைக் கடைசியில் வைத்து, வாலை வெட்டிவிட வேண்டும்: ‘மாமா எதிர் வீட்டைப் பார்த்தார். அங்கயும் இல்ல. உள்ளேயிருந்து மாமி: அப்பாடா!’ முதலில் எழுதிய மூலக் குறிப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது என்பதைக் கவனிக்கலாம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் பாதி அடுக்கு வேலை அப்போதே முடிந்துவிடுகிறது.

இத்தனையும் செய்ய ஒரு குறிப்புக்கு அரை மணி நேரம் பிடிக்கும். வாரத்துக்கு ஒன்று செய்தால் போதும்.

நோட்டு தவறான திசையில் போகிறது என்பதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. ஒன்று, குறிப்புகள் மிகக் கச்சிதமாக இருப்பது. எல்லோரும் சரியான இடத்தில் சரியான பதிலடி கொடுக்கிறார்கள் என்றால் எழுதுபவர் இடது பக்கத்திலேயே கைவைக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். நிஜ வாழ்க்கையில் மனிதர்கள் வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார்கள்; நல்ல பதில் படியிறங்கும்போதுதான் தோன்றுகிறது. கற்பனை வலது பக்கத்துக்கு உரியது. இன்னொன்று, எங்கேயோ கேட்ட வாசனை. தினமும் வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் நூறு நகைச்சுவை கடந்து போகிறது. அவற்றில் ஒன்று தன்னையறியாமல் சொந்தக் குறிப்பாக வந்து உட்கார்ந்துவிடும். மாமியார் மருமகள், மனைவிக்குப் பயந்த கணவன் என்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்தக் குறிப்பில், அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சாம்பார் சாதம் அப்படிப்பட்ட விவரம்.

மூன்றாவது அடையாளம் கொஞ்சம் கசப்பானது. குறிப்புகள் மனிதர்கள் செய்ததை விட்டுவிட்டு அவர்கள் இருக்கிற விதத்துக்கு நகர்வது: நிறம், குட்டை, பருமன், திக்குவாய், சாதி, ஊர். இது நாகரிகமா என்ற கேள்வி ஒரு புறம் இருக்கட்டும். பயிற்சிக்கே இது உதவாது. ஒருவர் குட்டையாக இருப்பதில் கவனிக்க ஒன்றும் இல்லை, கண்டுபிடிக்க விதியும் இல்லை. வலது பக்கத்தில் எழுத எதுவும் கிடைக்காமல் குறிப்பு அங்கேயே நின்றுவிடும். அதே குட்டையானவர், மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க ஆளைக் கூப்பிடக் கூச்சப்பட்டு ஒரு மாதமாகப் பெருங்காயம் இல்லாமலே ரசம் வைக்கிறார் என்றால், அது அவர் செய்கிற காரியம். அங்கே வேலை இருக்கிறது.

நோட்டு வீட்டில் கிடக்கும், யாராவது எடுத்துப் படிப்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெயர் எழுதாமல் ‘மூன்றாம் மாடி’, ‘பச்சை ஸ்கூட்டர்’ என்று அடையாளம் வைத்துக்கொள்பவர்கள் குடும்பச் சண்டையிலிருந்து தப்பிக்கிறார்கள். மூன்றாம் மாடிக்காரரே எடுத்துப் படித்தால் என்ன செய்வது என்பதற்கு வழியில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் பலருக்கும் ஒரு தேக்கம் வரும். எல்லாக் குறிப்பும் டிராஃபிக், எல்லாக் குறிப்பும் மேலதிகாரி என்று ஒரே இடத்தில் சுழலும். இடத்தை விரிக்காமல் சுருக்குவதே இதற்கு மருந்து. ஒரு வாரம் முழுக்க ரேஷன் கடை வரிசை மட்டும், அல்லது சாப்பாட்டு மேசை மட்டும், அல்லது சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள் மட்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு நாள் ஒன்றும் அகப்படாது. மூன்றாம் நாள், எளிதில் தெரிகிறவை தீர்ந்துபோய்க் கண் அடுத்த அடுக்குக்கு இறங்கும். வரிசையில் நிற்பவர் ‘ஒரு நிமிஷம் பாத்துக்கங்க’ என்று தன் இடத்தில் ஒரு பையை நிறுத்திவிட்டுப் போவதும், வரிசை நகரும்போது முன்பின் தெரியாதவர்கள் அந்தப் பையையும் மரியாதையாக ஓர் அடி நகர்த்தி வைப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

பயிற்சி பிடிபட்டதற்கான அடையாளம், அதிகமாகச் சிரிப்பது அல்ல. தொடக்கத்தில் யாராவது சிரித்த பிறகுதான் ‘அட, இதை எழுதலாமே’ என்று தோன்றும். சில மாதம் போனால் யாரும் சிரிக்காத இடத்தில், எல்லோரும் இயல்பாக இருக்கும்போதே கை செல்போனுக்குப் போகும். பதிவேட்டை நீட்டும்போதே ‘காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதப் போகிறார்?’ என்று கண் அங்கே போய் நிற்கும்.

நோட்டால் முடியாததும் உண்டு. எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை வேகமாகச் சொல்வது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் தாள் கற்றுக்கொடுக்காது. அதற்கு வாய்விட்டுச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். ‘ஒரு ஜோக் சொல்லட்டுமா?’ என்று தொடங்கக் கூடாது; கேட்பவர் மரியாதைக்குச் சிரிக்கத் தயாராகிவிடுவார். பேச்சோடு பேச்சாக, ‘நேத்து கரண்ட் போச்சு இல்ல…’ என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பல சமயம், எழுதியவர் எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வராது. ‘எதிர் வீட்டைப் பார்த்தார்’ என்ற இடத்திலேயே வந்துவிடும், கேட்பவரும் நேற்று அதைத்தான் செய்தார் என்பதால். அதை அன்றைக்கே வலது பக்கத்தில் குறிக்க வேண்டும்: எந்தச் சொல்லில் சிரித்தார், எந்த இடத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்பினார், முடிந்ததும் தன் பங்குக்கு என்ன சொன்னார். ‘எங்க வீட்ல கரண்ட் இருந்தா அம்மா மெழுகுவத்தி ஏத்தி வாசல்ல நிப்பாங்க, கண்ணு படுமாம்’ என்று அவர் ஒன்றைச் சேர்த்தால் அது புதிய குறிப்பு, இடது பக்கத்துக்கு.

நோட்டு நிரம்பியதும் அடுக்குகிற பிரச்சினை வரும். தேதி வரிசையில் கிடக்கும் குறிப்பைத் தேடி எடுக்க முடியாது. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஃபிலிஸ் டில்லர், 1955-ல் தம் 37-ஆம் வயதில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு கிளப் மேடையில் தொடங்கியவர். அவர் தம் நகைச்சுவைகளைச் சிறிய அட்டைகளில் தட்டச்சு செய்து, பொருள் வாரியாகத் தலைப்புப் போட்டு, 48 இழுப்பறைகள் கொண்ட ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். 2003-ல் அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனபோது அதில் 50,000-க்கும் மேற்பட்ட அட்டைகள் இருந்தன. அவற்றில் பிறரிடம் காசு கொடுத்து வாங்கியவையும் உண்டு.

தொடங்குபவருக்கு இழுப்பறை தேவையில்லை, பொருள் வாரியாகப் பிரிக்கும் அந்தப் பழக்கம் தேவை. நோட்டின் கடைசி நாலு பக்கங்களை ஒதுக்கி, கரண்ட், வரிசை, சாப்பாடு, கல்யாணம், பிள்ளைகள், நான் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் பக்க எண்ணை எழுதி வந்தால் போதும். ஒரே குறிப்பு இரண்டு தலைப்பில் வரலாம். மாமாவின் பால்கனி ‘கரண்ட்’டிலும் வரும், ‘அக்கம்பக்கம்’ என்பதிலும் வரும். ஒரு தலைப்பின் கீழ் ஏழெட்டு எண்கள் சேர்ந்துவிட்டால் அவற்றை ஒரே மூச்சில் படித்துப் பார்க்க வேண்டும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு மனிதரைப் பற்றி எழுதிய குறிப்புகளில் ஒரே விதி ஓடுவது அங்கே தெரியவரும். ஐந்து நிமிஷ மேடைப் பேச்சோ ஒரு பத்திரிகைக் கட்டுரையோ எழுதத் தேவையான சரக்கு அப்போது கையில் இருக்கும்.